விசா மறுப்புக் கடிதமும் இருபத்தெட்டு நாள் கணக்கும்

சென்ற 2025 ஆகஸ்ட் மாதத்தில் ஒரு நாள் மஃரிபுக்குப் பிறகு, அக்குறணையில் ஹாட்வெயார் கடை வைத்திருக்கும் ஒரு சகோதரர் தனது மகனையும் மனைவியையும் அழைத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். கையில் மூன்று பக்கக் கடிதம் ஒன்று. பிரித்தானியாவில் படிக்கப் போவதற்காக மகன் கேட்ட மாணவர் விசா மறுக்கப்பட்டிருந்தது. மகன் தரையைப் பார்த்தபடி இருந்தான். உம்மா அழுதழுது முகம் வீங்கிப் போயிருந்தார். தகப்பனோ கோபத்தில் இருந்தார்.

"நானா, இதப் பாருங்க. காசில்லன்டு எழுதியிருக்கான். விண்ணப்பம் போட்ட அன்டைக்கு பேங்க்ல எண்பத்தெட்டு லட்சம் கிடந்தது. பொய்தானே எழுதியிருக்கான்? கேஸ் போடலாமா?"

என் சொந்த மகனுடைய விண்ணப்பத்தின்போது அந்த விதிகளைப் பல தடவை வாசிக்க நேர்ந்ததால் அவர்கள் என்னிடம் வந்திருந்தார்கள். கடிதத்தை வாசித்தேன். அதிகாரி பொய் எழுதவில்லை. தகப்பனும் பொய் சொல்லவில்லை. இருவரும் ஒரே வங்கிக் கூற்றில் வெவ்வேறு நாட்களைப் பார்த்திருக்கிறார்கள். கொடுக்கல் வாங்கலில் இருக்கும் நம்மைப் போன்றவர்களின் பிள்ளைகளுக்கே இந்தச் சறுக்கல் அதிகம் வரக்கூடும் என்பதால், அன்று நாம் உட்கார்ந்து பார்த்த கணக்கை வாசகர்களுக்கும் விளக்கமாக எழுதுகிறேன்.

கடிதத்தில் முதலில் தேட வேண்டியது

மறுப்புக் கடிதத்தின் பெரும்பகுதி எல்லோருக்கும் ஒன்றுபோல அச்சாகும் வாசகங்கள்தான். அவற்றை வாசித்து மனம் குழம்பத் தேவையில்லை. அதிகாரி இந்தப் பிள்ளைக்கென்று எழுதிய பந்தி ஒன்றோ இரண்டோ இருக்கும். அதன் அருகில் ஒரு விதி இலக்கமும் இருக்கும். மாணவர் விசா விதிகள் 'எஸ்.டி.' என்ற எழுத்துகளுடனும், பணச் சான்றுகள் பற்றிய விதிகள் 'எஃப்.ஐ.என்.' என்ற எழுத்துகளுடனும் தொடங்கும். அந்தப் பந்தியையும் இலக்கத்தையும் பென்சிலால் கோடிட்டுக் கொள்ளுங்கள். அடுத்து என்ன செய்வது என்பதற்கான விடை அதற்குள்தான் இருக்கிறது.

இந்தக் கடிதத்தில் இருந்த பந்தியின் சாரம் இதுதான்: நீர் 20,724 பவுண் காட்ட வேண்டும். அந்தத் தொகையை ஜூன் 17 முதல் ஜூலை 14 வரையான 28 நாட்களும் தொடர்ச்சியாக வைத்திருக்க வேண்டும். ஜூன் 26 முதல் 29 வரை உமது தகப்பனின் கணக்கில் அதற்குக் குறைவாகவே இருந்தது. ஆகவே பணம் பற்றிய தேவையை நீர் நிறைவேற்றவில்லை.

வேறு குற்றச்சாட்டு எதுவும் இல்லை. மகனின் படிப்பையோ ஆங்கிலத்தையோ நோக்கத்தையோ பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. இதைக் கேட்டதும்தான் அந்தத் தாயின் முகத்தில் கொஞ்சம் தெளிவு வந்தது.

தொகை எப்படி வந்தது?

முதல் வருடக் கல்விக் கட்டணம் 15,500 பவுண். அதில் 5,000 பவுணை ஏற்கனவே பல்கலைக்கழகத்துக்குக் கட்டி, அது அவர்கள் வழங்கிய 'காஸ்' எனப்படும் அனுமதி உறுதிப் பத்திரத்திலும் பதிவாகியிருந்தது. ஆகவே மீதி 10,500. இதனுடன் வாழ்க்கைச் செலவுக்கென ஒன்பது மாதத் தொகையைக் காட்ட வேண்டும். லண்டனுக்கு வெளியே படிப்பவர்களுக்கு அப்போது மாதம் 1,136 பவுண் என விதித்திருந்தார்கள். ஒன்பது மாதத்துக்கு 10,224. இரண்டையும் கூட்டினால் 20,724 பவுண்.

(2025 நவம்பர் 11 முதல் இந்த மாதத் தொகை லண்டனுக்கு வெளியே 1,171 பவுணாகவும் லண்டனில் 1,529 பவுணாகவும் உயர்த்தப்பட்டது. இது அடிக்கடி மாறுவதால் விண்ணப்பிக்கும் வாரத்தில் பிரித்தானிய அரசின் இணையத் தளத்தைப் பார்த்துக் கொள்ளுங்கள்.)

இதை ரூபாவுக்கு மாற்றும்போது நமது வங்கியின் விலையைப் பார்ப்பதில்லை. விண்ணப்பிக்கும் நாளில் 'ஓவாண்டா' என்ற இணையத் தளத்தில் உள்ள மாற்று வீதத்தையே எடுக்கிறார்கள். நாங்கள் ஒரு பவுண் 405 ரூபா என்று வைத்துக் கணக்குப் பார்த்தோம். 83 இலட்சத்து 93 ஆயிரம் ரூபா வந்தது.

இனி தகப்பனின் வங்கிக் கூற்றைப் பாருங்கள். ஜூன் 17ஆம் திகதி மீதி 86 இலட்சத்து 50 ஆயிரம். ஜூன் 26 வியாழக்கிழமை கொழும்பு மொத்த வியாபாரிக்குக் கொடுத்திருந்த 4 இலட்சத்து 50 ஆயிரம் ரூபாச் செக் பாஸாகியிருக்கிறது. மீதி 82 இலட்சம். இடையில் சனி, ஞாயிறு. திங்கட்கிழமை ஜூன் 30ஆம் திகதி கடை வசூலும் வரவேண்டிய ஒரு கடனும் சேர்ந்து 6 இலட்சத்து 10 ஆயிரம் வைப்பிலிட்டிருக்கிறார். மீதி 88 இலட்சத்து 10 ஆயிரம். ஜூலை 14இல் கூற்றை எடுத்து, 16ஆம் திகதி விண்ணப்பித்திருக்கிறார்கள்.

வியாபாரிக்கு இதில் பிழையே தெரியாது. செக் திரும்பவில்லை. ஐந்தாவது நாள் காசும் நிரம்பிவிட்டது. ஆனால் விசா அதிகாரி பார்ப்பது கடைசி நாள் மீதியை அல்ல, சராசரியையும் அல்ல. 28 நாட்களில் எந்த நாள் மிகக் குறைவாக இருந்ததோ அந்த நாளைப் பார்க்கிறார். அந்த நாளில் தேவையான தொகை இருக்க வேண்டும். இங்கே நான்கு நாட்களுக்கு ஒரு இலட்சத்து 93 ஆயிரம் ரூபா குறைந்திருந்தது. மறுப்புக்கு அது போதும்.

நான் தாளில் 82 என்று எழுதி வட்டம் போட்டுக் காட்டியதும் தகப்பன் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப என்ட செக்காலதான் புள்ளட விசா போனதா?" என்று கேட்டார். "ஆமாம், ஆனால் அதனாலேயே இது சரிப்படுத்தக் கூடியது" என்றேன்.

மீளாய்வா, புதிய விண்ணப்பமா?

மாணவர் விசா மறுப்புக்கு எதிராக நீதிமன்றம் போன்ற மேன்முறையீடு கிடையாது. இருப்பது 'நிர்வாக மீளாய்வு' என்ற ஒன்று. பிரித்தானியாவுக்கு வெளியே இருப்பவர் மறுப்பு கிடைத்து 28 நாட்களுக்குள் 80 பவுண் கட்டி அதைக் கேட்கலாம். வேறொரு அதிகாரி பழைய கோவையைத் திரும்பப் பார்ப்பார். முதல் அதிகாரி பிழை விட்டாரா என்பது மட்டுமே கேள்வி. பொதுவாகப் புதிய ஆவணங்களை அங்கே ஏற்க மாட்டார்கள். நம் பக்கத்துப் பிழையைத் திருத்தும் இடம் அது அல்ல.

எப்போது மீளாய்வு பொருந்தும் என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். இந்தப் பையன் கட்டிய 5,000 பவுண் காஸ் பத்திரத்தில் இருந்தும், அதிகாரி அதைக் கழிக்க மறந்து 25,724 பவுண் தேவை என்று எழுதியிருந்தால், அது அவருடைய பிழை. சான்று ஏற்கனவே கோவைக்குள் இருக்கிறது. அப்போது மீளாய்வு கேட்பதே சரி. வெற்றி பெற்றால் அந்த 80 பவுணும் திரும்பி வரும்.

இங்கே அப்படியல்ல. நூறு அதிகாரிகள் பார்த்தாலும் ஜூன் 26இல் 82 இலட்சம்தான் இருக்கும். மீளாய்வு கேட்டால் காத்திருக்கும் காலத்தில் வகுப்பு தொடங்கிவிடும். மீளாய்வு நடக்கும்போதே புதிதாக விண்ணப்பித்தால் மீளாய்வைக் கைவிட்டதாகவே கொள்வார்கள். ஆகவே இரண்டில் ஒன்றைத்தான் தெரிவு செய்ய வேண்டும். பிழை அவர்களுடையதா நம்முடையதா என்று நேர்மையாகப் பார்த்தால் தெரிவு தானாக வந்துவிடும்.

இவர்களின் ஏஜென்ட் மூன்றாவது வழியொன்றும் சொல்லியிருந்தார். "அந்த நான்கு நாளும் காசு இருந்த மாதிரி பேங்கில் ஒரு கடிதம் எடுத்துத் தாங்க, நான் பார்க்கிறேன்" என்றாராம். தகப்பன் இதைத் தயக்கத்துடன்தான் சொன்னார். நான் அந்த இடத்திலேயே கண்டிப்பாகச் சொன்னேன்: உண்மையான கூற்று ஏற்கனவே அவர்களின் கோவையில் இருக்கிறது. அதற்கு மாறான கடிதம் போனால் அடுத்த மறுப்பு பணத்துக்காக இருக்காது, ஏமாற்றுதலுக்காக இருக்கும். அதற்குப் பத்து வருடம் வரை தடை வரலாம். பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு அது இருபத்தெட்டு வயது வரை.

ஏற்கனவே நிறைந்திருந்த இருபத்தெட்டு நாட்கள்

"அப்படியென்றால் இன்றைக்குக் காசைப் போட்டு இன்னும் 28 நாள் இருக்க வேண்டுமே, செப்டெம்பர் ஆகிவிடுமே" என்று மகன் முதன்முறையாக வாய் திறந்தான். வகுப்பு செப்டெம்பர் 22இல் தொடங்குகிறது. பயம் நியாயமானது.

நான் தகப்பனிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "ஜூன் 30க்குப் பிறகு இந்தக் கணக்கிலிருந்து எடுத்தீர்களா?" இல்லை என்றார். விசா வரும்வரை தொடக்கூடாது என்று மனைவி பாஸ் புத்தகத்தை அலுமாரியில் வைத்துப் பூட்டியிருந்தார். விசாக் கட்டணத்தையும் கட்டாரில் இருக்கும் மாமாதான் தன் அட்டையால் கட்டியிருந்தார்.

அப்படியானால் விடயம் முடிந்தது. 28 நாளை மறுப்புக் கடிதம் வந்த நாளிலிருந்து எண்ணத் தேவையில்லை. புதிய வங்கிக் கூற்றின் கடைசி மீதித் திகதியிலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். ஆகஸ்ட் 11ஆம் திகதி கூற்றெடுத்தால் பின்னோக்கிய 28 நாட்கள் ஜூலை 15இல் தொடங்கும். அந்த 28 நாளும் கணக்கில் 88 இலட்சத்து 10 ஆயிரம் அசையாமல் இருந்தது. அவர்கள் அழுதுகொண்டிருந்த நேரத்திலேயே தேவையான நாட்கள் நிறைந்துவிட்டன.

இதற்கு இன்னொரு பக்க எல்லையும் உண்டு. கூற்றின் கடைசித் திகதி, விண்ணப்பிக்கும் நாளுக்கு முந்திய 31 நாட்களுக்குள் இருக்க வேண்டும். எனவே புதிய காஸ் வரத் தாமதமானால் கூற்றையும் மீண்டும் எடுக்க வேண்டி வரும்.

தொகை போதுமா என்றும் பார்த்தோம். பவுண் 408 ரூபா ஆனால் 84 இலட்சத்து 55 ஆயிரம் வேண்டும். 88 இலட்சத்து 10 ஆயிரம் இருப்பதால் இன்னும் மூன்றரை இலட்சம் இடைவெளி உண்டு. மாற்று வீதம் விண்ணப்பிக்கும் நாளுடையது என்பதால், மட்டாகக் காட்டாமல் இப்படிக் கொஞ்சம் கூடுதலாக வைத்திருப்பதே பாதுகாப்பு.

இரண்டாம் முறையில் தவறக்கூடிய இடம்

புதிய விண்ணப்பம் என்றால் எல்லாம் முதலிலிருந்துதான். விண்ணப்பக் கட்டணம் அப்போது 524 பவுண். அது திரும்பி வராது. சுகாதார வரி வருடத்துக்கு 776 பவுண் வீதம், மூன்று வருடப் படிப்புக்கும் மேலதிக மாதங்களுக்கும் சேர்த்து 2,716 பவுண். மறுக்கப்பட்டவர்களுக்கு இந்த வரியைத் திருப்பித் தருவார்கள். ஆனால் அது கட்டிய அட்டைக்கே போகும், கைக்கு வரச் சில வாரங்களும் ஆகலாம். ஆகவே இரண்டாம் முறை கட்டுவதற்கு வேறு பணம் தயாராக இருக்க வேண்டும்.

இங்கேதான் தகப்பன் மீண்டும் சறுக்கப் பார்த்தார். "அக்கவுண்டில் இருக்கிறதுதானே, அதிலிருந்தே கட்டுவோம்" என்றார். இரண்டும் சேர்ந்து ரூபாவில் 13 இலட்சத்துக்கு மேல். அதை எடுத்தால் மீதி 75 இலட்சத்துக்கு இறங்கும். கூற்றெடுப்பதற்கு முன் எடுத்தால் 28 நாள் உடைந்துவிடும். கூற்றெடுத்த பிறகு எடுத்தாலும், புதிய கூற்று தேவைப்பட்டால் மாட்டிக் கொள்வோம். கட்டணத்தை யாருடைய அட்டையிலும் கட்டலாம். காட்டும் பணத்தைத் தொடாதீர்கள் என்றேன். இம்முறையும் மாமாவே உதவினார்.

காட்டும் பணம் யாருடையது என்பதில் அப்படித் தாராளம் கிடையாது. அது மாணவனின் பெயரிலோ பெற்றோரின் பெயரிலோ இருக்க வேண்டும். மாமா, சாச்சா, நானா ஆகியோரின் கணக்கு எவ்வளவு பெரிதாக இருந்தாலும் செல்லாது. அவர்கள் தருவதாக இருந்தால் பெற்றோரின் கணக்குக்கு வந்து 28 நாள் கிடக்க வேண்டும். பெற்றோரின் கணக்கைக் காட்டும்போது பிறப்புச் சான்றிதழையும், அதன் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பையும், பணத்தைப் படிப்புக்குப் பாவிக்கச் சம்மதம் என்ற பெற்றோரின் கடிதத்தையும் இணைக்க வேண்டும்.

வியாபாரிகள் கவனிக்க இன்னும் ஒன்று. தனிப்பட்ட கணக்கே தேவை, கம்பனிக் கணக்கு அல்ல. மேலதிகப்பற்று வசதியைப் பணமாகக் கருத மாட்டார்கள். நகை, காணி உறுதி, கடையில் உள்ள சரக்கு எதுவும் கணக்கில் வராது. நிலையான வைப்பு, உடனே உடைத்து எடுக்கக் கூடியதென்றால் ஏற்பார்கள். ஆனால் நம்மில் பலர் அந்த வைப்பையே வங்கியில் ஈடாக வைத்து மேலதிகப்பற்று எடுத்திருக்கிறோம். ஈடு வைத்ததை உடனே எடுக்க முடியாது. அதைக் காட்டி ஏமாற வேண்டாம்.

பல்கலைக்கழகத்துக்கு என்ன சொல்வது?

ஒரு காஸ் பத்திரம் ஒரு விண்ணப்பத்துக்கு மட்டுமே. மறுப்புக்குப் பின் புதிய காஸ் கேட்க வேண்டும். பல்கலைக்கழகங்கள் இதில் தயங்குவதற்குக் காரணம் உண்டு. அவர்கள் காஸ் கொடுத்த மாணவர்களில் விசா மறுக்கப்பட்டோர் 10 வீதத்தை எட்டினால் அவர்களின் அனுமதிப் பத்திரமே ஆபத்துக்குள்ளாகும் என்பது அப்போதைய விதி. 2025 மே மாத வெள்ளை அறிக்கையில் அரசாங்கம் அந்த எல்லையை 5 வீதமாக இறுக்கப் போவதாகவும் அறிவித்தது. ஆகவே கெஞ்சி எழுதும் கடிதத்தால் பயனில்லை. மறுப்புக் கடிதத்தை மறைக்காமல் இணைத்து, எந்த நான்கு நாளில் குறைந்தது, இப்போது எந்த 28 நாளில் நிறைவாக உள்ளது என்று நான்கு வரியில் எழுதி, புதிய கூற்றையும் அனுப்பும்படி மகனிடம் சொன்னேன். அப்படியே அனுப்பினான். பத்தாம் நாள் காஸ் வந்தது.

விண்ணப்பத்தில் 'இதற்கு முன் எந்த நாட்டிலாவது விசா மறுக்கப்பட்டதா?' என்ற கேள்விக்கு 'ஆம்' என்றே எழுத வேண்டும். மறுப்பு என்பது குற்றமல்ல. அதை மறைப்பதுதான் குற்றமாகும். காசநோய்ப் பரிசோதனைச் சான்றிதழ் ஆறு மாதத்துக்குச் செல்லும் என்பதால் பழையதே போதுமாக இருந்தது.

வேறு இலக்கம் இருந்தால்

எல்லா மறுப்பும் இவ்வளவு இலேசானதல்ல. கடிதத்தில் எஸ்.டி. 5.1 என்று இருந்தால், உண்மையான மாணவர் என்று அதிகாரி நம்பவில்லை என்பது பொருள். பெரும்பாலும் நேர்முகத்தில் பிள்ளை சொன்ன பதில்களை எடுத்துக் காட்டியிருப்பார்கள். பாடநெறியில் என்ன பாடங்கள் என்று தெரியவில்லை, ஏன் இந்தப் பல்கலைக்கழகம் என்று சொல்ல முடியவில்லை என்பது போல. அங்கே எவ்வளவு காசைக் கூட்டிப் போட்டாலும் பயனில்லை. அதே ஆவணங்களுடன் மறுநாளே திரும்ப விண்ணப்பிப்பது கட்டணத்தை வீணாக்குவதாகும். அதிகாரி சுட்டிய ஒவ்வொரு பதிலுக்கும் பிள்ளை தானே விடை தேடிப் படித்துத் தயாராக வேண்டும். அதற்கு அடுத்த தவணை வரை தள்ளிப்போட்டாலும் நட்டமில்லை. பொய் ஆவணம் என்று எழுதியிருந்தாலோ, ஏஜென்டிடம் போகாமல் பிரித்தானிய குடிவரவுச் சட்டம் தெரிந்த வழக்கறிஞரிடம் நேரே செல்லுங்கள்.

இந்தக் குடும்பம் ஆகஸ்ட் 22இல் புதிதாக விண்ணப்பித்தது. செப்டெம்பர் 11இல் விசா கிடைத்தது. பையன் போய்ச் சேர்ந்துவிட்டான். தகப்பன் இப்போது இரண்டாவது மகளின் படிப்புக்கென்று வேறாக ஒரு கணக்குத் திறந்திருக்கிறார். அந்தக் கணக்குக்குச் செக் புத்தகம் வேண்டாம் என்று வங்கியில் எழுதிக் கொடுத்துவிட்டாராம்.